மௌனம் சம்மதமாகும் இடங்கள்

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ பணிபுரியும் சிங்கப்பூர் இந்தியர் ஒருவர் தம் மாதச் சம்பளச் சீட்டைச் சற்று நிதானமாகப் படித்தால், மத்திய சேம நிதிக்கான பெரிய கழிவுக்கு அருகே இன்னொரு சிறிய கழிவையும் காண்பார். அதன் எதிரே ‘சிண்டா’ என்று இருக்கும். மாதம் 2,000 வெள்ளி ஈட்டுபவருக்கு அத்தொகை 5 வெள்ளி. 4,000 வெள்ளி ஈட்டுபவருக்கு 7 வெள்ளி. 15,000 வெள்ளிக்கு மேல் ஈட்டுபவருக்கும் 30 வெள்ளிதான். 2015 ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள விகிதங்கள் இவை. முதலாளி அதைச் சம்பளத்திலிருந்து பிடித்து மத்திய சேம நிதிக் கழகத்திற்குச் செலுத்துகிறார். கழகம் அதைச் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்திடம் சேர்க்கிறது. சிராங்கூன் சாலைக்கு அண்மையில் பீட்டி சாலையில் அச்சங்கத்தின் அலுவலகம் உள்ளது. 1991 இல் தொடங்கப்பட்ட நாள் முதல் இந்திய மாணவர்களின் கல்விக்காக அது நடத்திவரும் துணைப்பாட வகுப்புகளை ஆசிரியர்கள் நன்கறிவார்கள்.

இந்தக் கழிவுக்கு அந்த ஊழியர் எப்போது ஒப்புதல் அளித்தார்? பெரும்பாலும் எப்போதுமே இல்லை. அவர் வேலையில் சேர்ந்தார், அவருடைய அடையாள அட்டையில் இனம் இந்தியர் என்றிருந்தது, கழிவு தொடங்கிவிட்டது. வேண்டாம் என்றால் அதற்கென ஒரு படிவம் உண்டு. தொகையைக் குறைக்கலாம், கூட்டலாம், முற்றிலும் விலகலாம். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பவர், கொடுப்பவர் ஆகிவிடுகிறார்.

ஒன்றும் செய்யாதவருக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே வகுத்துவைக்கும் இந்த ஏற்பாட்டை இக்கட்டுரையில் ‘இயல்பிருப்பு’ என்று அழைப்போம். கைப்பேசியை வாங்கியவுடன் அதில் ஏற்கெனவே அமைந்திருக்கும் மணியோசை ஓர் இயல்பிருப்பு. மாற்றிக்கொள்ளலாம், பலர் மாற்றுவதில்லை. அரசுகள் இத்தகைய ஏற்பாடுகளைக் கொள்கைக் கருவியாகப் பயன்படுத்துவதைப் பற்றி ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியல் அறிஞரும் காஸ் சன்ஸ்டீன் என்ற சட்ட அறிஞரும் 2008 இல் ஒரு நூல் எழுதினர். ஒருவரை முழங்கையால் மெல்ல இடித்து ஒரு பக்கம் திருப்புவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் தலைப்பு. அதை நாம் ‘மென்தூண்டல்’ எனலாம். எந்த வழியையும் அடைக்காமல், பணத்தாலும் தண்டனையாலும் பெரிதாக அசைக்காமல், மனிதரின் தேர்வை ஒரு திசையில் சாய்ப்பதே மென்தூண்டல் என்பது அவர்கள் தந்த வரையறை. தேலருக்கு 2017 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. சிங்கப்பூரோ அந்த நூல் வெளிவருவதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, ஐந்து வெள்ளியைவிடப் பல மடங்கு கனமான ஒன்றில் இக்கருவியைக் கையாண்டுவிட்டது. அதுதான் இக்கட்டுரையின் பொருள்.

1987 ஆம் ஆண்டின் சட்டம்

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு வாழ்கிறார்கள். அவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் வாழ்வையே மீட்டுத் தருவது. சிங்கப்பூரில் 1972 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், இறந்தபின் உறுப்பைத் தர விரும்புவோர் முன்வந்து எழுதிக் கொடுக்க வழிசெய்தது. முன்வந்தவர்கள் மிகக் குறைவு. கொடுக்க மனமில்லாமையே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இளமையும் உடல்நலமும் உள்ள ஒருவர் தம் சாவைப் பற்றி ஒரு படிவம் நிரப்ப எந்த நாளைத் தேர்ந்தெடுப்பார்? நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே போதும், படிவம் மேசை இழுப்பறையில் தங்கிவிடும்.

1987 இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பியது. அதன் முதல் வடிவம் மிகக் குறுகியது. சிறுநீரகம் மட்டும், விபத்தில் இறந்தவர்கள் மட்டும், 21 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட, தெளிந்த மனநிலையுள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். முஸ்லிம்கள் இதில் சேர்க்கப்படவில்லை. இவ்வரையறைக்குள் வரும் எவரும் உயிரோடிருக்கும்போது எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், இறந்தபின் அவருடைய சிறுநீரகங்களை மாற்று அறுவைக்காக எடுக்கலாம்.

பின்னர் வேலி விரிந்துகொண்டே வந்தது. 2004 இல் கல்லீரல், இதயம், கண்ணின் விழிவெண்படலம் ஆகியவை சேர்ந்தன; விபத்து என்ற நிபந்தனை நீங்கியது. இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஃபத்வா குழு 2007 இல் இசைவளித்ததைத் தொடர்ந்து 2008 ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தனர். 2009 இல் 60 வயது என்ற மேல்வரம்பு அகற்றப்பட்டது. நுரையீரல், கணையம் போன்றவை இன்றும் வெளியேதான் உள்ளன. அவற்றைத் தர விரும்புவோர் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரே உடலில் இதயத்துக்கு ஒரு விதியும் அதை அடுத்திருக்கும் நுரையீரலுக்கு மறுவிதியும் உள்ளன. வேலை அனுமதியில் இங்கு வந்து, ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் நம் ஊர்த் தொழிலாளர்கள் குடிமக்களும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். ஆகையால் இந்த இயல்பிருப்பு அவர்களைத் தொடுவதில்லை.

நடைமுறையையும் அறிந்துகொள்வது நல்லது. உறுப்பை எடுப்பதற்கு முன் மூளைச்சாவு உறுதிசெய்யப்பட வேண்டும். அதை உறுதிசெய்யும் மருத்துவர்கள் இருவர். அவர்கள் அந்த நோயாளிக்குச் சிகிச்சை அளித்தவர்களாகவோ, உறுப்பைப் பொருத்தவிருக்கும் குழுவைச் சேர்ந்தவர்களாகவோ இருத்தல் கூடாது. தேசிய உறுப்பு மாற்றுப் பிரிவு மறுப்பாளர் பதிவேட்டைப் பார்க்கிறது. பெயர் இல்லையென்றால், மருத்துவமனையில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி எழுத்து மூலம் அனுமதி தருகிறார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு நுட்பம் உண்டு. அனுமதி தருபவர் அதிகாரி. இறந்தவர் இசைந்தார் என்று சட்டம் சொல்லவில்லை. அவர் மறுக்கவில்லை என்பதை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதைச் சட்டத்தின் மீதும் ஏற்றி, ‘கருதப்படும் சம்மதம்’ என்று இதற்குப் பெயரிட்டுவிடுகிறோம். என் பார்வையில் சட்டத்தின் நடை நம் பேச்சைக் காட்டிலும் நேர்மையானது. அது ஏன் என்பதை அடுத்து வரும் சான்றுகள் காட்டும்.

மௌனம் எதைச் சொல்கிறது?

எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரே மொழி பேசும் அண்டை நாடுகள். ஜெர்மனியில் உறுப்புக் கொடையாளராக விரும்புவோர் தாமே பதிய வேண்டும். ஆஸ்திரியாவில் விரும்பாதவர் மறுப்பைப் பதிய வேண்டும். கொடையாளராகக் கணக்கிடப்பட்டோர் ஜெர்மனியில் நூற்றுக்கு 12. ஆஸ்திரியாவில் 99க்கும் மேல். இரு மக்களின் இரக்க குணம் இவ்வளவு வேறுபடும் என்று யாரும் நம்பமாட்டார்கள். வேறுபட்டது படிவம்தான்.

இங்கிருந்து தப்ப முடியாத ஒரு முடிவு பிறக்கிறது. இயல்பிருப்பை மாற்றியவுடன் எண்ணிக்கை தலைகீழாகிறது என்றால், அந்த எண்ணிக்கை மக்களின் உள்ளத்தை அளந்து சொன்னது அன்று. ஆஸ்திரியரின் மௌனம் சம்மதமென்றால் ஜெர்மானியரின் மௌனம் மறுப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மௌனம். ஓர் இயல்பிருப்பு மக்களின் விருப்பத்தைப் பிரதிபலிக்கிறதா, அல்லது அவர்களுடைய அசைவின்மையை மட்டும் பயன்படுத்திக்கொள்கிறதா என்று கண்டறிய நமக்குள்ள நேரடிச் சோதனை இதுவே: எதிர்ப்பக்கம் திருப்பிவைத்துப் பாருங்கள். எண் அசையாவிட்டால் மக்களுக்கு உறுதியான கருத்து இருக்கிறது. எண் கூடவே திரும்பினால், நாம் கேட்டது அவர்களுடைய குரலை அன்று, நம்முடைய படிவத்தின் எதிரொலியை.

ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையும் செய்தனர். மேற்கோள் காட்டுவோர் பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். அமெரிக்கர்கள் சிலரிடம் இணையவழிக் கற்பனைக் கேள்வியாக இதைக் கேட்டனர். ‘நீங்கள் கொடையாளர் அல்லர், மாற்ற விரும்புகிறீர்களா?’ என்று கேட்கப்பட்டோரில் 42 விழுக்காட்டினர் கொடையாளராயினர். ‘நீங்கள் கொடையாளர், மாற்ற விரும்புகிறீர்களா?’ என்று கேட்கப்பட்டோரில் 82 விழுக்காட்டினர் கொடையாளராகவே நீடித்தனர். மூன்றாவது குழுவுக்கு இயல்பிருப்பே வைக்கவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவர்களில் 79 விழுக்காட்டினர் ‘தருகிறேன்’ என்றனர். நேருக்கு நேர் கேட்டால் கிடைக்கும் விடைக்கு மிக நெருங்கி நின்றது, மறுக்காவிட்டால் கொடையாளர் என்ற ஏற்பாடே. பதிந்தால்தான் கொடையாளர் என்ற ஏற்பாடு நடுநிலையானது போலத் தோன்றினும், உண்மையில் கொடுக்க மனமிருந்த பலரை அது மறுத்தோர் வரிசையில் நிறுத்திவிடுகிறது.

இதனால் ‘அரசு எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கட்டும்’ என்ற எளிய வாதம் நிற்பதில்லை. மூளைச்சாவு அடைந்த ஒருவர் ஒன்றும் எழுதி வைக்காமல் கிடக்கிறார். அவருடைய சிறுநீரகம் ஒன்று எடுக்கப்படும் அல்லது எடுக்கப்படாது. இரண்டுக்கும் நடுவே இடமில்லை. ஏதோ ஓர் இயல்பிருப்பு இருந்தே தீரும் என்றால், அதை யார் வைத்தார்கள், விலக நினைப்பவருக்குக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, அப்படி ஒரு கதவு இருப்பதே அவருக்குத் தெரியுமா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள்.

மெய்யியலாளர் லூக் போவென்ஸ் 2009 இல் இதன் முள்ளைச் சுட்டினார்: இத்தகைய தூண்டல்கள் இருட்டில்தான் நன்றாக வேலை செய்கின்றன. தூண்டப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர் விழித்துக்கொள்வர் என்பது அவருடைய ஐயம். உண்மையாகவே அப்படியென்றால், வெளிப்படைத்தன்மையும் பயனும் ஒன்றையொன்று கொல்லும். அது இக்கருவிக்கு எதிரான வலிமை மிக்க குற்றச்சாட்டாகும். ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் உடன் ஆய்ந்தோரும் 2015 இல் இதைச் சோதித்தனர். வாழ்வின் இறுதிக்கட்டச் சிகிச்சை பற்றிய விருப்பப் படிவத்தில் முன்கூட்டியே ஒரு விடையைக் குறித்து வைத்து, அப்படிக் குறித்திருக்கிறோம் என்பதையும், அது அவர்கள் முடிவைச் சாய்க்கக்கூடும் என்பதையும் சிலருக்குச் சொல்லிவிட்டார்கள். தெரிந்த பின்னும் தூண்டல் ஏறத்தாழ அதே வலிமையோடு வேலை செய்தது. இதைக் கண்டு மகிழ்வதா கவலைப்படுவதா என்பது படிப்பவரைப் பொறுத்தது. எனினும், ‘சொன்னால் பலிக்காது’ என்று கூறி மறைத்து வைக்க அரசுகளுக்கு இனிச் சாக்கு இல்லை.

கதவுக்கு ஒரு விலை

சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஒரு பிரிவு மென்தூண்டல் என்ற எல்லையையே தாண்டிச் செல்கிறது. மறுப்புத் தெரிவித்தவருக்குப் பின்னொரு நாள் உறுப்புத் தேவைப்பட்டால், மறுக்காதவர்களுக்குப் பின்னாலேயே அவர் வரிசையில் நிற்க வேண்டும். மறுப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் அவ்வாறு பெற்றபின் 2 ஆண்டுகள் கழிந்த பிறகே மற்றவர்களோடு சமமாவார். வெளியேறும் கதவு திறந்துதான் இருக்கிறது. அதற்கு ஒரு விலையும் இருக்கிறது, அது அவருடைய உயிராகவும் இருக்கலாம்.

இதற்குச் சார்பாகச் சொல்லப்படுவது எளிதில் புரியக்கூடியது. கொடுக்க மறுத்தவர், பெறும்போது மட்டும் முன்வரிசையில் நிற்பது எப்படி முறையாகும்? நம் ஊர்களில் மொய் எழுதும் வழக்கத்தை அறிந்த எவருக்கும் இந்தக் கணக்கு புதிதன்று. இஸ்ரேலும் 2008 இல் இதே கருத்தை ஒட்டிய சட்டத்தை இயற்றியது. அங்குத் திசை மட்டும் வேறு: கொடையாளராகப் பதிந்தவருக்கு வரிசையில் முன்னுரிமை. சலுகையாகச் சொன்னாலும் தண்டனையாகச் சொன்னாலும் வரிசையில் நிற்பவருக்கு விளைவு ஒன்றே.

எதிர்வாதமும் கனமானது. மருத்துவம் தேவையைப் பார்க்கும், தகுதியை எடைபோடுவதில்லை. உடல் முழுமையாக அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று மனமார நம்புகிற ஒருவரின் மறுப்பும், சோம்பலாலோ சுயநலத்தாலோ எழுந்த மறுப்பும் பதிவேட்டில் ஒரே வரியாகத்தான் தெரியும். சட்டத்தால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. 2008 க்கு முந்திய முஸ்லிம்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் மறுத்தவர்கள் அல்லர். சட்டமே அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. ஆயினும் தாமாகக் கொடையாளராகப் பதியாத முஸ்லிம் நோயாளி வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார். மற்றவரின் மௌனம் அவர்களை முன்னால் நிறுத்தியது. இவருடைய மௌனம் இவரைப் பின்னால் நிறுத்தியது. சமய உணர்வை மதிப்பதற்காகத் தரப்பட்ட விலக்கே சுமையாகிவிட்ட இந்த முரண், 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. நான் கொடுக்கல் வாங்கல் வாதத்தை முற்றிலும் புறந்தள்ளவில்லை. ஆனால், விலையுள்ள கதவைக் காட்டி ‘பாருங்கள், யாரும் விலகவில்லை, எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள்’ என்று பேசுவது முறையன்று. விலை வைத்த பிறகு, நிலைத்து நிற்போரின் எண்ணிக்கை சம்மதத்துக்குச் சான்றாகும் தகுதியை இழந்துவிடுகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்

2007 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் செய்தித்தாள்களில் வந்த ஒரு நிகழ்ச்சியைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மருத்துவமனை ஒன்றில் நடுத்தர வயது ஆடவர் ஒருவர் மூளைச்சாவு அடைந்தார். அவர் மறுப்பு எதுவும் பதிந்திருக்கவில்லை. குடும்பத்தார் இன்னும் சற்றுக் காத்திருக்குமாறு மண்டியிட்டு மன்றாடினர்; இதயம் துடிக்கிறதே, மீண்டுவிடக்கூடும் என்று நம்பினர். சட்டப்படி உறுப்புகள் எடுக்கப்பட்டன. மருத்துவர்கள் விதியை மீறவில்லை. தாமதித்தால் உறுப்புகள் கெடும். மறுமுனையில் உயிருக்குப் போராடும் வேறு சிலர் காத்திருந்தனர். இருந்தும் அந்தக் காட்சி நாட்டையே உலுக்கியது.

அங்கு வெளிப்பட்டது இயல்பிருப்பின் உள்ளார்ந்த ஓர் எல்லை. முடிவெடுக்க வேண்டியவர் எடுக்காமல் விட்ட முடிவை, அவர் பேசவே முடியாத நேரத்தில், அவருக்காக அழுகிறவர்கள் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். அவர் மறுக்கவில்லை என்று பதிவேடு சொல்கிறது. அவர் கொடுக்க விரும்பினார் என்று அவர்களிடம் சொல்ல யாரும் இல்லை. முன்வந்து எழுதிக் கொடுத்தவரின் குடும்பத்துக்கு ‘இது அவருடைய ஆசை’ என்ற ஆறுதலாவது மிஞ்சும். அதனை இயல்பிருப்பால் உண்டாக்க இயலாது.

ஸ்பெயினின் அனுபவம் இந்த இடத்தில் பொருந்தும். அங்கும் 1979 முதல் மறுக்காதவர் கொடையாளர் என்றே சட்டம் உள்ளது. ஆனால் நடைமுறையில் குடும்பத்தைக் கேட்காமல் உறுப்பை எடுப்பதில்லை. 1989 இல் தொடங்கப்பட்ட தேசிய உறுப்பு மாற்று அமைப்பு, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தியது. தீவிர சிகிச்சை மருத்துவர்களான அவர்கள், கொடையாளராகக்கூடிய நோயாளியை உரிய நேரத்தில் இனங்காண்கிறார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த அமைப்பை நெடுங்காலம் வழிநடத்திய ரஃபயேல் மட்டேசான்ஸ், தம் நாட்டின் வெற்றிக்குக் காரணம் சட்டம் அன்று, இந்த அமைப்பே என்று வலியுறுத்தி வந்தார். மக்கள்தொகையில் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டுதோறும் 40க்கு மேற்பட்ட மறைந்த கொடையாளர்களை ஸ்பெயின் எட்டியிருக்கிறது. இறுக்கமான சட்டம் கொண்ட சிங்கப்பூரில் அவ்வெண் பத்துக்கும் கீழேதான். ஆக, சட்டம் பதிவேட்டை நிரப்பும். மூளைச்சாவை உரிய நேரத்தில் இனங்கண்டு அறிவிப்பதும், உறுப்புகளைக் கெடாமல் காப்பதும், சாலை விபத்துச் சாவுகள் குறைந்து வருவதும் படிவத்துக்கு அப்பாற்பட்டவை.

தமிழ்நாடு வேறு திசையில் நடந்தது. அங்கு நடப்பில் உள்ள இந்தியச் சட்டத்தின்படி குடும்பத்தின் இசைவு வேண்டும். 2008 இல் மருத்துவத் தம்பதியர் இருவர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் பதின்ம வயது மகனின் உறுப்புகளைத் தாமே முன்வந்து அளித்தது அம்மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. அதே ஆண்டில்தான் மாநில அரசின் உறுப்பு மாற்றுத் திட்டமும் உருப்பெற்றது. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடையளித்தோரின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இதுவும் ஒரு தூண்டல்தான். ஆனால் இது மௌனத்தைப் பயன்படுத்தவில்லை, பேசியவரைப் பெருமைப்படுத்துகிறது.

தூண்டலிலிருந்து கட்டாயத்துக்கு

இயல்பிருப்பு போதாது என்று அரசே முடிவுசெய்த ஒரு தருணத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2002 இல் தொடங்கிய எல்டர்ஷீல்டு என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியில், மெடிசேவ் கணக்குள்ளோர் 40 வயதில் தாமாகவே சேர்க்கப்பட்டனர், விரும்பாதவர் விலகலாம். முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் விலகினர். இயல்பிருப்பு எல்லாரையும் மயக்கிவிடும் என்று அஞ்சுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்: மாதம் 300 வெள்ளி, அதுவும் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்றபோது, மக்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக் கதவைத் திறந்து வெளியேறினார்கள். பின்னாளில் விலகுவோர் வெகுவாகக் குறைந்தனர். ஆயினும் 2020 இல் வந்த கேர்ஷீல்டு லைஃப், 1980 க்குப் பின் பிறந்தோருக்கும் அவ்வாண்டில் பிறந்தோருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. விலகும் படிவமே இல்லை. 1970 முதல் 1979 வரை பிறந்தவர்களில் ஏற்கெனவே எல்டர்ஷீல்டில் இருந்தோர் பலர் 2021 டிசம்பரில் தாமாகச் சேர்க்கப்பட்டு, 2023 இறுதிவரை விலக வாய்ப்புப் பெற்றனர். ஒரே வீட்டில் அண்ணனுக்குத் தூண்டல், தம்பிக்குக் கட்டாயம்.

கட்டாயம் தூண்டலைவிடக் கொடியது என்று உடனே தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. கட்டாயம் தன் முகத்தை மறைப்பதில்லை. அதை நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாதிடலாம், ‘அரசு என்மீது சுமத்தியது’ என்று சொல்லலாம். இயல்பிருப்பிலோ, ‘நீங்கள்தானே விலகவில்லை’ என்று பொறுப்பு மெல்ல நம் தோளுக்கு மாறிவிடுகிறது. சம்பளச் சீட்டிலுள்ள ஐந்து வெள்ளிக்கு இந்தப் பொறுப்பு மாற்றம் பெரிய கேடன்று. தவறுதலாக உள்ளே இருப்பவர் இழப்பது ஒரு வேளை தோசைக்கான காசு. அதையும் அடுத்த மாதமே நிறுத்திக்கொள்ளலாம். அங்கு என் குறை வேறு: மாதம் ஐம்பது வெள்ளி மனமுவந்து தரக்கூடியவரும் அதே அசைவின்மையால் அட்டவணைத் தொகையிலேயே தங்கிவிடுகிறார். அமெரிக்க ஓய்வூதியச் சேமிப்பை ஆராய்ந்த பிரிஜிட் மேட்ரியனும் டென்னிஸ் ஷியாவும் 2001 இல் இதையே கண்டனர். தாமாகச் சேர்த்ததால் சேமிப்போர் பெருகினர். ஆனால் பெரும்பாலோர் நிறுவனம் குறித்துவைத்த மூன்று விழுக்காட்டிலேயே நின்றுவிட்டனர்.

இறந்தவரின் இதயத்தைப் பொறுத்தவரை ‘அடுத்த மாதம்’ என்பது கிடையாது. திருத்த முடியாததற்கு வைக்கும் இயல்பிருப்புக்கு, திருத்தக்கூடியதற்கு வைப்பதைக் காட்டிலும் உரத்த அறிவிப்பு வேண்டும். சிங்கப்பூரில் 21 வயதை எட்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இச்சட்டத்தை விளக்கும் கடிதம் அனுப்பப்படுகிறது. தேசிய சேவையும் பல்கலைக்கழகச் சேர்க்கையும் முதல் வேலையும் நெருக்கும் பருவம் அது. கடிதம் எத்தனை வீடுகளில் பிரிக்கப்படுகிறது என்பதை ஆசிரியர்கள் தம் பழைய மாணவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். இச்சட்டத்தைப் பற்றிய வகுப்பறை உரையாடல்களில் தரலாமா கூடாதா என்ற இரண்டே விடைகள் எழுவதை நான் கண்டிருக்கிறேன். மறுப்புப் படிவத்தில் சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவை தனித்தனியே உள்ளன. கண்ணை மட்டும் விலக்கி மற்றவற்றை விட்டுவைக்கலாம், எல்லாவற்றையும் விலக்கலாம், எதையும் தொடாமல் படிவத்தை மூடிவிட்டு, ‘நான் படித்துவிட்டுத்தான் மூடினேன்’ என்று அன்றிரவு வீட்டில் அம்மாவிடம் சொல்லலாம்.